வரி வரவும் விற்றவர் கணக்கும்: தணிக்கையில் ஒத்துப்பார்க்கும் முறை

நூல் வாங்கும்போது நம் சங்கம் விலையோடு வரியும் கொடுக்கிறது. துணி விற்கும்போது வாங்குவோரிடமிருந்து வரி வசூலிக்கிறது. வசூலித்த வரியில், முன்பு கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைச் சர்க்காருக்குச் செலுத்தினால் போதும். இவ்வாறு கழித்துக்கொள்ளும் தொகைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது முதல் இந்த ஏற்பாடு இருந்து வருகிறது.

இந்த வரவு நம் பேரேட்டை மட்டும் பொறுத்ததன்று. நாம் GSTR-3B என்னும் மாத அறிக்கையில் வரவை எடுத்துக்கொள்கிறோம். நூல் விற்ற ஆலையோ தன் விற்பனையை GSTR-1 என்னும் அறிக்கையில் பில் வாரியாகக் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டியவை அனைத்தும் ஒன்று திரண்டு, அடுத்த மாதம் 14-ஆம் தேதி GSTR-2B என்ற குறிப்பாக நம் பெயரில் வந்து நிற்கும். 2022 ஜனவரி 1 முதல், இக்குறிப்பில் வராத பில்லுக்கு வரவு எடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. நம் கையில் பில் உண்டு, சரக்கும் வந்தது, பணமும் கொடுத்தாயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது. விற்றவரும் அதை எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே தணிக்கைக்கு வரும் அதிகாரி முதலில் இரண்டு தொகைகளை அருகருகே வைக்கிறார்: நாம் எடுத்த வரவு ஒன்று, GSTR-2B-யில் கண்ட வரவு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே நாம் தவறாக எடுத்த தொகையாகக் கருதி விளக்கம் கேட்கிறார். அந்த ஒற்றைத் தொகையை அப்படியே ஒப்புக்கொள்வதும் தவறு, அப்படியே மறுப்பதும் தவறு. அதனுள் என்னென்ன அடங்கியுள்ளன என்று பிரித்துப் பார்ப்பதே முறை. இதனை ஒரு கற்பனைச் சங்கத்தின் கணக்கைக் கொண்டு விளக்குவோம்.

கணக்கின் தொடக்கம்

நெசவாளரும் பருத்தி விவசாயிகளும் அங்கத்தினராயுள்ள ஒரு சங்கம். ஆலைகளிலிருந்து சிட்டா நூலும், வியாபாரிகளிடமிருந்து சாயப்பொருளும் வாங்குகிறது. விவசாய அங்கத்தினரிடமிருந்து பருத்தி வாங்கி, கூலிக்கு நூற்கவும் கொடுக்கிறது. 2022-23-ஆம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்யப் போவதாக ADT-01 என்னும் அறிவிப்பு வருகிறது. இந்த அறிவிப்பு தணிக்கைக்குக் குறைந்தது 15 வேலைநாள் முன்னதாக வரவேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து நாட்களே நாம் ஒத்துப்பார்க்கும் காலம்.

அந்த ஆண்டில் சங்கம் எடுத்த வரவு ரூ. 6,84,000. GSTR-2B-யின் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை ரூ. 6,12,000. வித்தியாசம் ரூ. 72,000. அதிகாரி கேட்பது இதைத்தான்.

கூட்டுத்தொகையை விட்டுப் பில்லுக்குச் செல்க

இரண்டு கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் விடை கிடைக்காது. கொள்முதல் பேரேட்டிலிருந்து ஒவ்வொரு பில்லையும் ஒரு தாளில் எழுத வேண்டும். அதற்கு நேரே GSTR-2B-யில் உள்ள பில்லை எழுத வேண்டும். விற்றவரின் வரிப் பதிவு எண், பில் எண், தேதி, வரித் தொகை ஆகிய நான்கும் ஒத்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆலை தன் பில்லை 0457/22-23 என்று எழுதியிருக்கும். நம் குமாஸ்தா 457 என்று மட்டும் பதிந்திருப்பார். கணினி இவ்விரண்டையும் வெவ்வேறு பில்களாகவே கொள்ளும். பைசாவை முழு ரூபாயாக்கியதாலும் ஓரிரு ரூபாய் வேறுபடும். இத்தகைய போலி வித்தியாசங்களை முதலிலேயே கையால் சரிபார்த்து நீக்கிவிட்டால்தான் மெய்யான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நம் சங்கத்தில் இவ்வாறு அடித்து முடித்தபின் கிடைத்த விவரம் இது:

இரு பக்கமும் ஒத்தவை — ரூ. 5,94,000
நம் கணக்கில் மட்டும் உள்ளவை — ரூ. 90,000
GSTR-2B-யில் மட்டும் உள்ளவை — ரூ. 18,000

தொண்ணூறாயிரத்தில் பதினெண்ணாயிரம் போக எழுபத்திரண்டாயிரம். அதிகாரி கண்ட வித்தியாசம் இதுவே. ஆனால் உண்மையில் விளக்கம் சொல்ல வேண்டிய தொகை அதைவிட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கத்துப் பிழை மறைத்துக்கொண்டிருந்தது. வித்தியாசமே இல்லாத ஆண்டில்கூட இவ்வாறு இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கக்கூடும்.

நம் கணக்கில் மட்டும் உள்ள ரூ. 90,000

இத்தொகை ஐந்து வகையாகப் பிரிந்தது.

முதலாவது, பருத்தி. விவசாயியிடமிருந்து பதிவு பெற்ற சங்கம் பருத்தி வாங்கினால், வரியை விவசாயி செலுத்துவதில்லை. வாங்கும் சங்கமே நேரே செலுத்த வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் பருத்திக்கு இந்த ஏற்பாடு உண்டு. சங்கம் ரூ. 6,00,000-க்குப் பருத்தி வாங்கி, நூற்றுக்கு 5 வீதம் ரூ. 30,000 ரொக்கமாகச் செலுத்தி, பிறகு அதையே வரவாக எடுத்துக்கொண்டது. விவசாயி GSTR-1 தாக்கல் செய்பவரல்லர். ஆதலால் இந்தத் தொகை GSTR-2B-யில் வராது, வரவேண்டியதும் இல்லை. சங்கம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட பில்லையும், ரொக்கப் பேரேட்டில் வரி கட்டிய பதிவையும் காட்டினால் போதும். இந்த ரூ. 30,000 முழுவதும் நியாயமான வரவு.

இரண்டாவது, ஆண்டு மாறிய பில். ரூ. 3,60,000 மதிப்புள்ள நூலுக்கு ஆலை 2022 மார்ச்சு இறுதியில் பில் போட்டது. அது அந்த மார்ச்சு மாதத்து GSTR-2B-யில், அதாவது முந்திய ஆண்டில், வந்துவிட்டது. நூல் கிடங்குக்கு வந்து சேர்ந்ததோ ஏப்ரலில். சரக்கு கைக்கு வருமுன் வரவு எடுக்கக் கூடாது என்பது சட்டம். எனவே சங்கம் பின்னரே ரூ. 18,000 எடுத்தது, அது முறையே. ஓர் ஆண்டின் பில்லுக்கு அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்குள், எது முந்தியதோ அதற்குள் வரவு எடுக்கலாம். முந்திய ஆண்டிலும் இதே பில்லுக்கு வரவு எடுக்கவில்லை என்பதை மட்டும் பேரேட்டைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். கிடங்குப் பதிவேட்டில் நூல் வந்த தேதி இங்கே முக்கியமான சாட்சி.

மூன்றாவது, எண் மாறிய பில். ரூ. 1,80,000-க்கு நூல் விற்ற ஆலை, தன் GSTR-1-இல் நம் பதிவு எண்ணுக்குப் பதிலாக வேறொரு சங்கத்தின் எண்ணை எழுதிவிட்டது. வரியைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டது, ஆனால் ரூ. 9,000 வரவு அடுத்த சங்கத்தின் GSTR-2B-யில் போய் நின்றது. இதைத் திருத்த ஆலைக்கு 2023 நவம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. நாம் கண்டுபிடித்ததோ அதற்குப் பின். நம்மிடம் தவறு எதுவும் இல்லாவிடினும், குறிப்பில் வராத பில்லுக்கு வரவு இல்லை என்ற நிபந்தனை இதற்கும் பொருந்தும். ஆலையின் எழுத்துமூலமான ஒப்புதலை வாங்கி அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் அதை நம்பி இத்தொகையைக் கணக்கில் வைப்பது விவேகமன்று.

நான்காவதே பெரிய இழப்பு. ஒரு வியாபாரியிடம் ரூ. 1,50,000-க்குச் சாயப்பொருள் வாங்கி, நூற்றுக்கு 18 வீதம் ரூ. 27,000 வரியும் சேர்த்துக் கொடுத்தது சங்கம். அவர் GSTR-1 தாக்கல் செய்யவே இல்லை. வசூலித்த வரியைக் கட்டினாரா என்பதற்கும் அடையாளம் இல்லை. இந்த வரவைத் திருப்பித்தான் ஆகவேண்டும். இப்பொழுது அவர் தாக்கல் செய்தாலும் நாம் வரவு எடுக்கும் காலம் கடந்துவிட்டது. மீதியிருப்பது ஒரே வழி: அவருக்கு அறிவிப்பு அனுப்பி, நாம் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் நிறுத்திவைத்து, இல்லையேல் தாவா செய்து வசூலிப்பது. வசூலாகாவிடில் இது நெசவாளர் பங்காதாயத்திலும் போனஸிலும் விழும் நஷ்டம்.

ஐந்தாவது, இருமுறை பதிந்த பில். ரூ. 1,20,000-க்கு வாங்கிய நூலின் பில் ஒரு முறை மூலப் பிரதியிலிருந்தும், மறுமுறை லாரியோடு வந்த நகலிலிருந்தும் பதிவாகிவிட்டது. கூடுதலாக எடுத்த ரூ. 6,000-ஐத் திருப்ப வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

GSTR-2B-யில் மட்டும் உள்ள ரூ. 18,000

அதிகாரி இதைப் பற்றிக் கேட்கமாட்டார். நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ரூ. 11,000, 2023 மார்ச்சுப் பில்லுக்குரியது. நூல் ஏப்ரலில் வந்ததால் அடுத்த ஆண்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. இது ஒழுங்கானதே. எஞ்சிய ரூ. 7,000-க்குரிய பில் கோப்பில் இருக்கிறது, நூலும் வந்திருக்கிறது, ஆனால் வரவே எடுக்கவில்லை. 2023 நவம்பர் 30 கடந்துவிட்டதால் அது போனது போனதே. நமக்கு உரிய பணத்தைக் கேட்க மறந்ததால் நேர்ந்த நஷ்டம் இது.

விடை

நியாயமானவை: பருத்தி ரூ. 30,000, ஆண்டு மாறியது ரூ. 18,000, ஆக ரூ. 48,000. திருப்ப வேண்டியவை: எண் மாறியது ரூ. 9,000, தாக்கல் ஆகாதது ரூ. 27,000, இருமுறை பதிந்தது ரூ. 6,000, ஆக ரூ. 42,000. அதிகாரி கேட்டது ரூ. 72,000. பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டிருந்தால் ரூ. 30,000 வீணாகியிருக்கும். பிரித்துப் பார்க்காமல் மறுத்திருந்தால், பின்னால் ரூ. 42,000-உடன் அபராதமும் சேர்ந்திருக்கும்.

வட்டி எவ்வளவு?

தவறாக எடுத்த வரவுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டி உண்டு. ஆனால் எடுத்ததற்கு மட்டும் வட்டி இல்லை. எடுத்ததைப் பயன்படுத்தியிருந்தால்தான் வட்டி. வரவுப் பேரேட்டின் மீதி, தவறாக எடுத்த தொகைக்குக் கீழே இறங்கும்போது, எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவே பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும்.

நம் சங்கம் தவறான ரூ. 42,000 முழுவதையும் 2022 ஆகஸ்டுக்குள் எடுத்துவிட்டது என்று கொள்வோம். துணி தேங்கிக் கிடந்ததால் வரவுப் பேரேட்டில் எப்போதும் நல்ல மீதி இருந்தது. 2023 ஜனவரி 20-ஆம் தேதி அறிக்கை தாக்கல் செய்தபோது மட்டும் மீதி ரூ. 36,000-ஆக இறங்கியது. ஆகவே பயன்படுத்தியது ரூ. 6,000 மட்டுமே. இரண்டு ஆண்டு கழித்துத் திருப்பினால் வட்டி ரூ. 2,160. பேரேட்டைப் பார்க்காமல் ரூ. 42,000 முழுவதற்கும் கணக்கிட்டால் ரூ. 15,120 ஆகியிருக்கும். ஒவ்வொரு மாதத்து மீதியையும் தாளில் எழுதி, விளக்கத்தோடு இணைப்பது இதற்காகவே. மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் தனித்தனி மீதி இருப்பதால் இந்தக் கணக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இங்கே எளிமைக்காகச் சேர்த்துச் சொன்னோம்.

திருப்ப வேண்டியதை DRC-03 என்னும் படிவத்தில் செலுத்தலாம். வரியை வரவுப் பேரேட்டின் மீதியிலிருந்து கட்டலாம். வட்டியை ரொக்கமாகவே கட்ட வேண்டும். மோசடி இல்லாத இனங்களில், 2023-24 வரையுள்ள ஆண்டுகளுக்குக் காரணம் கேட்கும் நோட்டீசு வருமுன், அல்லது வந்த 30 நாளுக்குள், வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. 2024-25 முதலான ஆண்டுகளுக்குப் புதிய பிரிவின்படி நோட்டீசு வந்தபின் 60 நாள் அவகாசம் உண்டு.

பழைய ஆண்டுகளின் சலுகை

விற்றவரிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சில சங்கங்களில் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மை. 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு 2022 டிசம்பர் 27-ஆம் தேதிச் சுற்றறிக்கையும், 2019 ஏப்ரல் முதல் 2021 டிசம்பர் வரையுள்ள காலத்துக்கு 2023 ஜூலை 17-ஆம் தேதிச் சுற்றறிக்கையும் இதற்கு வழி செய்தன. ஒரே விற்பனையாளரின் வித்தியாசம் ஓராண்டில் ரூ. 5 லட்சத்துக்குள் இருந்தால் அவருடைய சான்று போதும். மிஞ்சினால் பட்டயக் கணக்கர் அல்லது அடக்கவிலைக் கணக்கர் சான்று வேண்டும். பின்னைய காலத்தில் சில மாதங்களுக்கு விகித வரம்பும் உண்டு. 2022 ஜனவரி 1-க்குப் பின் போட்ட பில்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் உதாரணத்திலுள்ள ஆலையின் கடிதம் ஏன் உறுதியான துணையாகவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

ஒத்த பில்லிலும் இரு கண்ணிகள்

அடித்துவிட்ட ரூ. 5,94,000-இலும் இரண்டைப் பார்க்க வேண்டும். விற்றவர் GSTR-1-இல் பில்லைக் காட்டிவிட்டு, வரி கட்டும் GSTR-3B-யைத் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். அப்பொழுது பில் ஒத்துப்போகும். வரி சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்திராது. ஆண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரை அவர் தாக்கல் செய்யாவிடில், நவம்பர் 30-க்குள் நாம் வரவைத் திருப்ப வேண்டும். பின்னர் அவர் தாக்கல் செய்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நம் பொறுப்பு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விலையையும் வரியையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிடில் அந்த அளவுக்கு வரவைத் திருப்ப வேண்டும். கொடுத்தபின் மீண்டும் எடுக்கலாம். நூல் கடனுக்கு வாங்கிப் பாக்கியை நீட்டும் சங்கங்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

மாதந்தோறும் செய்வது

மேலே கண்ட நஷ்டங்களில் பெரும்பாலானவை தணிக்கையில் உண்டானவை அல்ல, தணிக்கையில் வெளிப்பட்டவை. எண் மாறிய பில்லை அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குப் பின் பார்த்திருந்தால் ஆலைக்கு ஒரு கடிதம் எழுதித் திருத்தியிருக்கலாம். மறந்த ரூ. 7,000-ஐயும் எடுத்திருக்கலாம். சாயப்பொருள் வியாபாரியின் பில் முதல் மாதமே வரவில்லை என்று தெரிந்திருந்தால், அடுத்த கொள்முதலையாவது அவரிடம் நிறுத்தியிருக்கலாம். புதிய வியாபாரியிடம் வாங்கும்போது, பில் GSTR-2B-யில் வந்தபிறகே வரிப் பகுதியைக் கொடுப்பதாக முன்னதாகவே எழுதிக்கொள்வது நல்லது. 180 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2024 அக்டோபர் 14 முதல், விற்றவர் காட்டிய பில்லை ஏற்கவும் நிராகரிக்கவும் நிலுவையில் வைக்கவும் இணையதளத்தில் ஒரு வசதி வந்துள்ளது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். வேறு சங்கத்துக்குரிய பில் தவறி நம் பெயரில் வந்திருந்தால் நிராகரிக்க வேண்டும். அது GSTR-2B-யில் இருப்பதனாலேயே நமக்கு உரியதாகிவிடாது. சரக்கு நமக்கு வரவில்லையல்லவா?

பயிற்சி வினாக்கள்

1. ஒரு சங்கத்தில் எடுத்த வரவும் GSTR-2B தொகையும் ரூ. 4,10,000 என்று சரியாக ஒத்திருக்கின்றன. அச்சங்கம் பில் வாரியாகப் பார்க்க வேண்டியது ஏன்?

2. 2023 மார்ச்சு 29-ஆம் தேதியிட்ட பில்லின் நூல் ஏப்ரல் 4-ஆம் தேதி கிடங்குக்கு வந்தது. வரவை எந்த மாதம் முதல் எடுக்கலாம்? கடைசி நாள் எது? எந்தப் பதிவேடு சாட்சி?

3. தவறாக எடுத்த வரவு ரூ. 20,000. திருப்பும் நாள் வரை வரவுப் பேரேட்டின் மீதி ஒருபோதும் ரூ. 25,000-க்குக் கீழே இறங்கவில்லை. வட்டி உண்டா?